இஃப்பா, வென்னா?

நான் அந்தக் கம்பெனிக்குள் போன முதல் வாரத்திலேயே எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. அங்கே ஒருவரும் என்னை நம்பவில்லை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. இரும்புலியூரில் வீடு. மேற்குத் தாம்பரத்தில் ஒரு செருப்புக்கடைக்கு மேல்மாடியில் இருந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் வேலை. காலையில் கல்லூரிப் பிள்ளைகள், சாயங்காலம் கால் சென்டர் கனவோடு வருகிறவர்கள். அதற்கு நடுவே சென்டர் ஓனர் கம்பெனிகளிடமும் ஆர்டர் பிடித்து வைப்பார். அப்படி வந்ததுதான் சானடோரியம் பக்கத்தில் இருந்த ஏற்றுமதி வளாகத்துக் கம்பெனி. மெஷின்களுக்குள் போகும் ஒயர் கட்டுகளைச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள். சூப்பர்வைசர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தரவேண்டும், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் நேரில் வந்தால் வாய் திறந்து பேசவேண்டும் என்றார்கள்.

கான்டீனுக்கு மேலே டிரெய்னிங் ரூம். முதல் ஷிஃப்ட் முடிந்து, முகம் கழுவி, டீ குடித்துவிட்டு மேலே வருவார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். அதில் மூன்று பேரைத்தான் இன்றைக்கும் முகத்தோடு ஞாபகம் இருக்கிறது. ஒருவர், தரம் பார்க்கும் பிரிவின் சூப்பர்வைசர். மாடம்பாக்கத்துக்காரர். கோயிலுக்குப் பின்னால் அவர்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்ததாம், இப்போது அதில் வீட்டு மனைகள். எல்லோரும் அவரை க்யூசி அக்கா என்பார்கள். இன்னொருவர் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருந்தவர். அண்ணன் தம்பியெல்லாம் தாம்பரம் மார்க்கெட்டில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்க, இவர் மட்டும் சம்பளத்துக்கு வந்தவர். முஸ்லிம் என்பதால் அவரை ஸ்டோர்ஸ் பாய் என்று கூப்பிடுவார்கள். மூன்றாவது ஆள் மெஷின் ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக். பேசினால் மெட்ராஸ் பாஷை தவிர வேறு வராது.

கடைசி வரிசையில், ஜன்னலோரம், எச்.ஆர். ஆபீசர் உட்கார்ந்திருப்பார். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். மேடவாக்கத்தில் புது அப்பார்ட்மென்ட். அவருக்கு இங்கிலீஷ் வகுப்பு தேவையே இல்லை, நல்ல கான்வென்ட் இங்கிலீஷ். ஆனாலும் ஒரு நாள்கூடத் தவறாமல் வருவார். செல்போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார்.

"மேடம், இதெல்லாம் அப்ரைசலுக்குப் போகுமா?" என்று முதல் நாளே க்யூசி அக்கா கேட்டார், ஆபீசர் காதில் விழாத குரலில்.

"இல்லைங்க. வெறும் டிரெய்னிங்தான்" என்றேன்.

"உங்ககிட்ட அப்படிச் சொல்லியிருக்காங்க."

சொல்லிவிட்டு நோட்டைப் பிரித்துக்கொண்டார்.

கண்டிஷனல் வாக்கியங்களுக்கு வந்தது சில வாரங்கள் கழித்து. இப்படி நடந்தால் அப்படி நடக்கும் என்கிற வாக்கியங்கள். அவர்கள் வேலையிலிருந்தே உதாரணம் எடுக்கவேண்டும் என்று முந்தின வகுப்பில் அவர்களிடமே விசாரித்து வைத்திருந்தேன். அதற்கே ஸ்டோர்ஸ் பாய் ஒரு மாதிரிப் பார்த்தார். "மெஷின் நின்னா என்ன பண்ணுவோம்னு உங்களுக்கு எதுக்கு மேடம்?" என்றார். இங்கிலீஷில் சொல்லித் தரத்தான் என்றேன். சிரித்தார். நம்பின சிரிப்பில்லை.

போர்டில் மூன்று வாக்கியம் எழுதினேன்.

"If you open the cover, the machine stops."

"If the wire comes late, we will miss the shipment."

"If I had two helpers, I would finish by four."

முதலாவது, மூடியைத் திறந்தால் மெஷின் நிற்கும். எப்போது திறந்தாலும் நிற்கும், அதில் சந்தேகம் கிடையாது. அதனால் இரண்டு பக்கமும் சாதாரண நிகழ்காலம். இரண்டாவது, ஒயர் லேட்டாக வரலாம், வராமலும் போகலாம், வந்தால் ஷிப்மென்ட் தவறும். மூன்றாவது, இரண்டு ஹெல்பர் இல்லை, கிடைக்கிற மாதிரியும் தெரியவில்லை, சும்மா நினைத்துப் பார்க்கிறோம்.

"had-னா போன காலம்தானே மேடம்?" என்றார் மெக்கானிக். "எனக்கு முன்ன ரெண்டு பேர் இருந்தானுங்க. இப்ப ஒருத்தனும் கிடையாது. அதான் had போட்டுக்கீறீங்களா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "போன காலம் மாதிரி இருக்கும், ஆனா சொல்றது இப்பத்தைய விஷயம். இப்ப உண்மை இல்லைன்னு காட்டத்தான் அந்த had" என்றேன். தமிழில் இந்தச் சிக்கலே இல்லை. திறந்தா, வந்தா, இருந்தா என்று எல்லாவற்றுக்கும் ஒரே வால்தான். நடக்கும் என்று நினைத்துச் சொன்னாலும், நடக்கவே நடக்காது என்று நினைத்துச் சொன்னாலும் அதே 'இருந்தா'. இங்கிலீஷில் அப்படி விட மாட்டார்கள், பேசுகிறவர் அது நடக்கும் என்று நினைக்கிறாரா இல்லையா என்பது வினைச்சொல்லிலேயே தெரிந்துவிடும் என்று விளக்கினேன்.

க்யூசி அக்கா கையைத் தூக்கினார். "அப்போ மனசுல இருக்கறது வெளியே தெரிஞ்சிடுமா?"

"ஓரளவுக்குத் தெரியும்."

அவர் திரும்பி ஜன்னலோரம் ஒரு பார்வை பார்த்துவிட்டு போர்டைப் பார்த்துக்கொண்டார்.

அதன்பின் கட்டுப்பாட்டோடு செய்யும் பயிற்சி. வாக்கியத்தை இரண்டு பாதியாக வெட்டிய துண்டுத்தாள்களை மேஜை மேஜையாகக் கொடுத்து, சரியான பாதிகளைச் சேர்க்கச் சொன்னேன். பிறகு கோடிட்ட இடம் நிரப்புதல். அங்கே தவறு வருவது எனக்கு முன்பே தெரியும். எல்லோரும் எழுதுவது ஒன்றுதான்: "If the wire will come late". இரண்டு பக்கமும் வருங்காலம் போட்டுவிடுவார்கள். if வரும் பக்கத்தில் will வேண்டாம், வருங்காலத்தைச் சொன்னாலும் அங்கே நிகழ்காலம்தான் என்று மறுபடி மறுபடி திருத்தினேன். வாயால் சொல்லச் சொல்லி, ஒருவர் முதல் பாதி, அடுத்தவர் மறு பாதி என்று சுற்றிவிட்டேன்.

துண்டுத்தாள்களில் when வாக்கியம் ஒன்றும் கலந்து வைத்திருந்தேன். "When the shift ends, we will hand over the tools." மெக்கானிக் அதை if என்று மாற்றிப் படித்தார்.

"if-னு சொன்னா ஷிஃப்ட் முடியலாம், முடியாமலும் போகலாம்னு அர்த்தம். நிச்சயமா முடியும், எப்போங்கறதுதான் விஷயம்னா when" என்றேன்.

"சில நாள் முடியறதே கெடையாது மேடம். if-தான் கரீட்டு."

அன்றைக்கு அந்த அறை அவ்வளவு கலகலப்பாக இருந்தது. துண்டுத்தாளில் இருக்கும் வாக்கியம் யாருடையதும் இல்லை. அதை உரக்கச் சொல்வதில் யாருக்கும் ஆபத்தில்லை. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

உறைத்தது அடுத்த பகுதியில். இனி அவர்களாகவே சொந்த வாக்கியம் பேசவேண்டும். இரண்டிரண்டு பேராக உட்காரச் சொல்லி, போர்டில் பாதி எழுதினேன்: "If I were the plant manager, I would..." நான் பிளான்ட் மேனேஜராக இருந்தால். மற்ற வகுப்புகளில் இதைப் போட்டால் சத்தம் தெருவுக்குக் கேட்கும். இங்கே ஒரு பேச்சு மூச்சில்லை. ஜோடி ஜோடியாக முகத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் கவிழ்ந்து கிடந்த செல்போனை யாரோ பார்த்தார்கள், பிறகு எல்லோரும் பார்த்தார்கள்.

கடைசியில் க்யூசி அக்கா எழுந்தார். "If I were the plant manager, I would work hard."

அடுத்தவரும் work hard. அதற்கடுத்தவரும் work hard. மெக்கானிக்கிடம் வந்தபோது அவர் தலையைச் சொறிந்துகொண்டே, "I would work very hard" என்றார். ஸ்டோர்ஸ் பாய் மட்டும், "I would drink tea" என்று முடித்துவிட்டு உட்கார்ந்தார். இலக்கணத்தில் ஒரு பிழை கிடையாது. ஆனால் யாரும் மனதில் உள்ளதைச் சொல்லவில்லை.

வகுப்பு முடிந்து கேட் வரை எச்.ஆர். ஆபீசர் என்னோடு நடந்து வந்தார். "நீங்க கடைசிப் பகுதியில யாரையும் திருத்தவே இல்லையே?" என்றார்.

"அது ஃப்ரீ பிராக்டிஸ் சார். அப்ப குறுக்கே போய்த் திருத்தினா பேச்சு நின்னுடும். தப்பைக் குறிச்சு வெச்சுக்கிட்டு கடைசியில மொத்தமாச் சொல்லுவேன்."

"அப்போ அவங்க கவனமில்லாம, மனசுல உள்ளதைப் பேசிடுவாங்க, இல்லையா?"

"அப்படிப் பேசணும்கறதுதான் நோக்கம்."

பிறகு, போகிற போக்கில் சொல்வது போல, "அடுத்த வகுப்புக்கு ஒரு டாபிக் குடுங்களேன். இந்தக் கம்பெனி ஒரகடத்துக்குப் போனா நீங்க என்ன பண்ணுவீங்க? எல்லாரும் பேசுவாங்க" என்றார்.

"எதுக்கு சார் அவ்வளவு தள்ளி ஒரகடம்?"

"சும்மா ஒரு உதாரணம்தான். அந்தப் பக்கம் நிறைய கம்பெனி வருதில்ல."

நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. வளாகத்துக்கு வெளியே ஷேர் ஆட்டோவுக்கு நிற்கையில் அதுவே மனதில் ஓடியது. சும்மா ஒரு உதாரணத்துக்கு ஒருவர் கேட் வரை நடந்து வருவாரா?

ஆட்டோவில் பக்கத்து இடத்தில் வந்து உட்கார்ந்தது க்யூசி அக்கா. அவர் எப்போதும் கம்பெனி வேனில் போகிறவர். எனக்காகத்தான் வந்திருக்கிறார் என்று புரிந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டு இரைச்சலில் என் காதருகே குனிந்து கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். உங்களை நிஜமாவே யாரு அனுப்பினாங்க?"

"சென்டர்லேர்ந்துங்க. வேற யாரு?"

"எச்.ஆர். சார் உங்ககிட்ட கேட் வரைக்கும் என்ன பேசிட்டு வந்தாரு?"

சொல்வதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினேன். இந்த அம்மாவை எனக்கு எவ்வளவு தெரியும்? நான் சொல்வதைக் கொண்டுபோய் அங்கேயே கொடுக்கமாட்டார் என்று என்ன நிச்சயம்? அவருக்கும் என்மேல் அதே எண்ணம் இருந்திருக்கும். ஆனால் நேருக்கு நேர் கேட்டவரிடம் மழுப்ப வாய் வரவில்லை. ஒரகடம் பற்றிப் பேசவிடச் சொன்னார் என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகம் மாறவில்லை. "யாரு யாரு வரமாட்டாங்கன்னு எண்ணிப் பார்க்கறாங்க" என்றார். "வரமாட்டேன்னு சொல்றவங்களை முதல்லயே கழிச்சுவிட்டுடலாம்ல? கம்பெனி போகப்போகுதுன்னு ஆறு மாசமாப் பேச்சு. கேட்டா இல்லவே இல்லைங்கறாங்க. போனா எங்க லைன்ல பாதிப் பொம்பளைங்க வேலையை விடணும். சின்னப் பிள்ளைங்களை வெச்சிருக்காங்க, ரெண்டு பஸ் மாறி எப்படிப் போவாங்க?"

தாம்பரத்தில் இறங்கும்போது, "அந்த டாபிக்கைக் குடுக்கப் போறீங்களா?" என்றார்.

"இல்லை" என்றேன். அவர் என்னை நம்பினாரா என்று சொல்லமுடியாது.

இரண்டு நாள் யோசித்தேன். அவர்களைப் பேச வைக்கவேண்டும், ஆனால் அவர்கள் சொல்வது அவர்கள் தலையில் விழக்கூடாது. கடைசியில் ஒரு பிஸ்கட் கம்பெனியைக் கற்பனையாக உண்டாக்கினேன். அட்டைகளில் வேஷங்களை எழுதிக்கொண்டு போனேன். ஒருவர் அடுப்பு ஆபரேட்டர், ஒருவர் பேக்கிங் சூப்பர்வைசர், ஒருவர் மைதா சப்ளையர், ஒருவர் கடைக்காரர், ஒருவர் மேனேஜர். ஆளுக்கு ஒரு பிரச்சினை. யாரும் தன் பேரில் பேசவேண்டாம். பேரம் பேசித் தீர்க்கவேண்டும், if போட்டுப் பேசவேண்டும், அவ்வளவுதான்.

அறை திறந்துகொண்டது. ஸ்டோர்ஸ் பாய் மைதா சப்ளையராகிவிட்டார். "If you pay late, I will give the flour to another company" என்று மேஜையைத் தட்டினார். அவர் அண்ணன் கடையில் பேசுவதை அப்படியே இங்கிலீஷில் பேசியிருக்கவேண்டும். மெக்கானிக் அடுப்பு ஆபரேட்டர். "If I had one good spanner, I would repair all the ovens" என்றார். had சரியாக வந்து விழுந்ததும் என்னைப் பார்த்து ஒரு பார்வை. நான் சுவரோரம் நின்று தப்புகளை மட்டும் மனதில் குறித்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் அட்டையை எடுத்திருந்தவர் அன்றைக்குத் தொண்டை கட்டிக்கொண்டு பேசமுடியாமல் உட்கார்ந்திருந்தார். க்யூசி அக்கா அந்த அட்டையை எடுத்துக்கொண்டு நேராகப் பின்வரிசைக்குப் போனார்.

"சார், எங்களுக்கு ஒரு மேனேஜர் குறையுது. நீங்க பண்றீங்களா?"

எச்.ஆர். ஆபீசர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேக்கிங் சூப்பர்வைசர் க்யூசி அக்காதான். எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் அட்டையில் நான் எழுதியிருந்தது அட்டைப்பெட்டி தட்டுப்பாடு. அவர் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"Sir, people are saying the biscuit company will shift. If we shift, how will my packing girls come?"

அறையில் மற்ற ஜோடிகளின் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது.

"Don't worry" என்றார் அவர், மேனேஜர் தோரணையில். "When we shift, there will be a bus from Tambaram."

மெக்கானிக் ஸ்டோர்ஸ் பாயைப் பார்த்தார். பாய் மெதுவாக, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"சார், இஃப்பா, வென்னா?"

எச்.ஆர். ஆபீசர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அட, வாய் தவறி வந்துடுச்சு. இது பிஸ்கட் கம்பெனிதானே பாய்?"

"ஆமா சார், பிஸ்கட் கம்பெனிதான்" என்றார் பாய்.

யாரும் சிரிக்கவில்லை. வழக்கமாக நான் கடைசியில் தப்புகளைப் போர்டில் எழுதித் திருத்துவேன். அன்றைக்கு சாக்பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். இலக்கணப்படி அவர் வாக்கியத்தில் ஒரு தப்பும் இல்லை. when-க்குப் பின்னால் நிகழ்காலம், மறுபக்கம் will, கச்சிதமாக இருந்தது. வேறு இரண்டு மூன்று பிழைகளைத் திருத்திவிட்டு வகுப்பை முடித்தேன். ஒரு வார்த்தையை வைத்து ஒருவர் மனதில் உள்ளதைத் தீர்மானிக்கமுடியாது, நாமெல்லாம் அசந்து மறந்து எதையாவது சொல்வோம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

அடுத்த வாரம் சென்டர் ஓனர் என்னைக் கூப்பிட்டார். "அந்தக் கம்பெனியில சிலபஸ் முடிஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. அங்க என்ன பண்ணீங்க?"

"கண்டிஷனல் எடுத்தேன் சார்."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்லை."

யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். எச்.ஆர். சொன்னாரா, அந்த வகுப்பிலேயே இருந்த ஒருவர் போய்ச் சொன்னாரா, இன்றுவரை தெரியாது. அந்தப் பத்துப் பன்னிரண்டு முகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து யோசித்திருக்கிறேன். ஒவ்வொருவர் மேலும் சந்தேகம் வரும், ஒவ்வொருவரையும் விட்டுவிடுவேன்.

பிறகு அடுத்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடம்பாக்கம் கோயிலுக்குப் போனபோது பிராகாரத்தில் க்யூசி அக்காவைப் பார்த்தேன். அவர்தான் முதலில் பார்த்தார். தூண் நிழலில் உட்கார்ந்து பேசினோம்.

கம்பெனி போய்விட்டது. வகுப்பு நின்றதற்கு மறுவாரமே அவர்கள் ஏழெட்டுப் பேராக மேனேஜரிடம் போய், போவதாகத்தான் முடிவு என்றால் இப்போதே பேசிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டார்களாம். முதலில் மறுத்தார்கள். பிறகு ஒப்புக்கொண்டார்கள். பஸ் தாம்பரத்திலிருந்து மட்டும் இல்லை, மாடம்பாக்கம் வழியாகவும் ஒன்று விடவேண்டும் என்று பேசி வாங்கினார்கள். நோட்டீஸ் ஒட்டின பிறகு போயிருந்தால் அது கிடைத்திருக்காது என்றார். ஸ்டோர்ஸ் பாய் போகவில்லை, அண்ணன் கடைக்குப் போய்விட்டார். மெக்கானிக் போனார்.

"அந்த எச்.ஆர். சார்?"

"மூவ் பண்றதுக்கு முன்னாடியே அவரு வேற கம்பெனிக்குப் போயிட்டாரு." பிறகு அவரே கேட்டார். "மேடம், அன்னிக்கு அவருக்கு நிஜமாவே வாய் தவறிடுச்சா? இல்ல, தெரிஞ்சேதான் சொன்னாரா?"

நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நல்ல இங்கிலீஷ் பேசுகிறவர். அட்டையை நீட்டியதும் மறுக்காமல் எழுந்து வந்தவர். எங்களை வேவு பார்க்க வைக்கப்பட்டவரா, சொல்ல முடியாததை வேறு வழியில் சொன்னவரா?

"தெரியலைங்க" என்றேன்.

"எனக்கும் தெரியலை." அர்ச்சனைக் கூடையில் இருந்த தேங்காய் மூடியைத் துணியில் சுற்றினார். "இன்னொண்ணு சொல்லட்டா? எங்க ஆளுங்க சில பேரு, நீங்களும் அவரும் சேர்ந்து பேசி வெச்சுத்தான் அந்த when நாடகத்தைச் செஞ்சீங்கன்னு இன்னும் சொல்றாங்க."

"நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்களா?"

அவர் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். "கொஞ்ச நாள் நினைச்சேன். இப்ப நினைக்கறதுக்கு நேரம் எங்க மேடம், காலையில ஆறரைக்கு ஒரகடம் வண்டி."

பிரசாதத்தில் பாதியை என் கையில் கொடுத்துவிட்டு, சந்நிதிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டபடி போனார்.